“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்”: என் விடையைத் திருத்திய விதம்

கணக்குப் பிரிவு நேர்முகத் தேர்வுகளில் ஊர், பள்ளி, பொழுதுபோக்கு என்று நீண்ட என் அறிமுகத்தில், விண்ணப்பத்தில் இல்லாத எதுவுமே இருக்கவில்லை. ஆகவே அதை இன்றைய பணியிலிருந்து தொடங்குமாறு மாற்றினேன்:

“நூற்பாலை ஒன்றின் கொள்முதல் கணக்கைப் பார்க்கிறேன். விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்ற வேண்டிய பில்களை, அவர்களின் மாதத் தாக்கலுக்கான 11ஆம் தேதிக்கு முன்பே நினைவூட்டும் பட்டியலை உருவாக்கியதால், எங்கள் உள்ளீட்டு வரி வரவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போவது குறைந்தது. விற்பனையாளர்கள் மிகுந்த உங்கள் நிறுவனத்தில் இதையே பெரிய அளவில் செய்ய விரும்புகிறேன்.”

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. கடைசி வாக்கியத்தை மட்டும் நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றுவேன். இதை நண்பர் ஒருவரிடம் சொல்லிக் காட்டி, மறுநாள் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டபோது, “அந்த 11ஆம் தேதிப் பட்டியல்தானே?” என்றார். தேர்வாளரின் அடுத்த கேள்வியும் அதைப் பற்றியே வரும் என்பதால், நாமே செய்து, விவரமறிந்த வேலையை மட்டுமே அங்கே வைக்கலாம்.