1934ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் அசல்தானா? வீட்டிலேயே பார்க்கும் முறை

சிவகங்கைப் பக்கத்து நிலத்துக்காக என் தாத்தா வைத்துவிட்டுப் போன 1934ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தைப் பங்காளிகள் சந்தேகித்தபோது, சிங்கப்பூர் தோ பாயோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் செய்து பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் முத்திரைத்தாளில் உள்ள மன்னரின் தலையைப் பாருங்கள். எங்கள் தாளில் இருந்தவர் ஐந்தாம் ஜார்ஜ். ஆறாம் ஜார்ஜ் அரியணை ஏறியது 1936 டிசம்பரில் என்பதால், அவர் தலை இருந்திருந்தால் 1934 என்ற தேதி பொய்யாகியிருக்கும். ஆனால் இது ஒருவழிச் சோதனைதான். எழுதப்படாத பழைய தாளை எவரும் பத்திரப்படுத்தி வைத்துப் பின்னர் எழுதலாம். பின்புறத்தில் முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதிய தேதி, பத்திரத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது.

அடுத்தது புற ஊதா விளக்கு. நான் தடுமாறிய இடம் இதுவே. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய 395 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியையும் கொட்டியதால், தாள் முழுவதும் ஒளிர்வதுபோல் தோன்றி, பத்திரம் போலியென்றே முடிவுகட்டிவிட்டேன். கறுப்பு வடிகட்டியுடன் கூடிய 365 நானோமீட்டர் விளக்கைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். இருட்டறையில், பக்கத்தில் ஒரு புதிய நகலெடுக்கும் தாளை வைத்து ஒப்பிடுங்கள். தாளில் வெண்மையூட்டிகள் பரவலாகச் சேர்க்கப்பட்டது ஏறத்தாழ 1950களிலிருந்துதான். அவை நீலவெண்மையாகப் பளிச்சிடும். எங்கள் பத்திரம் மங்கலாகவே கிடந்தது.

பின்குறிப்பு: தன் பத்திரத்தின் ஓரம் மட்டும் ஒளிர்வதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட தாளும் அப்படி ஒளிரும். சலவைத்தூளில் துவைத்த மேசைவிரிப்பும் ஒளிரும். ஆகவே கறுப்பு அட்டையின் மேல் வைத்துப் பாருங்கள்.

இனி மடிப்பு. பத்து மடங்கு உருப்பெருக்கியால், எழுத்து மடிப்பைக் கடக்கும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். தாளை மடிக்கும்போது அதன் மேற்பூச்சு உடைந்து இழைகள் முறிகின்றன. அதன் பிறகு எழுதினால் மை அந்த இழைகளில் ஊறி, சிறு வேர்களைப்போல் பக்கவாட்டில் பரவும். எழுதிய பின் மடித்திருந்தால் கோடு பரவாது. மடிப்பில் மை உதிர்ந்து மட்டும் இருக்கும். எங்கள் பத்திரத்தில் நான்கெல்லை எழுதிய வரிகள் மடிப்பைச் சுத்தமாகக் கடந்தன. ஆனால் அடியில் இருந்த “பாக்கித் தொகை பெற்றுக்கொண்டேன்” என்ற வரியில் மை பரவியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு அந்த வரியின் கீழ் 1936 என்ற தேதியைக் கண்டேன்: மடித்து வைத்திருந்த பத்திரத்தில் இரண்டாண்டு கழித்து எழுதிய ரசீது அது.

இவை எதுவும் பத்திரம் உண்மையென்று நிறுவாது; பொய்யை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அதனால் பதிவு எண்ணையும் ஆண்டையும் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தேன். வந்த நகலில் நான்கெல்லை எழுத்துக்கெழுத்து ஒத்திருந்தது. அந்த ரசீது வரி மட்டும் இல்லை.