புதிதாக அறிமுகமானவருக்கு இதயம் அனுப்பலாமா? முதல் சில மெசேஜ்களில் எமோஜி செய்யும் குழப்பங்கள்

என் சித்தி மகன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஞாயிறு காலையில் வாடகை கோர்ட்டில் ஷட்டில் ஆடப் போகிறான். அங்கே அறிமுகமான ஒரு பெண்ணிடம் நம்பர் வாங்கி, அன்று இரவு பதினொன்றே காலுக்கு இப்படி அனுப்பியிருக்கிறான்:

"இன்னைக்கு ஆட்டம் சூப்பர் 😍 அடுத்த வாரமும் வருவீங்கள்ல? 😉❤️"

மறுநாள் காலை பதில் வந்தது: "பார்க்கலாம் 🙂🙏"

"இதுக்கு என்னக்கா அர்த்தம்?" என்று போனை என்னிடம் நீட்டினான். அவனுக்கு அந்தப் பெண் மேல் அப்படி ஒன்றும் எண்ணம் இல்லை. டபுள்ஸுக்கு ஆள் வேண்டும், புது ஊரில் நாலு நண்பர்கள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மெசேஜைப் படித்தால் அப்படியா இருக்கிறது?

எழுத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் தப்பே இல்லை. சிக்கலைக் கொண்டுவந்தது மூன்று படங்கள். 😍 ஆட்டத்துக்குத்தான் என்று அவன் சொல்கிறான். ஆட்டம் எப்படி இருந்தது என்று ஒரு விவரமும் எழுதாததால், கண்ணில் இதயம் வைத்த அந்த முகம் யாரைப் பார்க்கிறது என்பது படிப்பவர் பாடு. பிரியாணிப் படத்துக்குக் கீழே அதே முகத்தைப் போட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள், அங்கே பார்ப்பதற்குப் பிரியாணி இருக்கிறது. அடுத்தது 😉. நேராகக் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் கண்ணடித்தால், கேட்டதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்றுதான் பொருள். "வருவீங்களா?" என்பது ஞாயிறு காலையைப் பற்றிய கேள்வி. "வருவீங்கள்ல? 😉" என்பது வேறு கேள்வி. பழகிய நண்பர்களுக்குள் கேலிக்கு அது சரி. அறிமுகமாகி ஒரு வாரம்கூட ஆகாதவரிடம் வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 😏, 😘 இரண்டும் அதே கணக்கு.

இதயத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரே சிவப்பு இதயம், அது எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து எடை மாறுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜை அழுத்திப் பிடித்து ரியாக்‌ஷன் போடும் வசதி 2022 மே மாதம் வந்தபோது, 👍 ❤️ 😂 😮 😢 🙏 என்று ஆறே ஆறுதான் கொடுத்தார்கள். அதில் இதயம் இரண்டாவது. கைக்கு அருகிலேயே இருப்பதால் "பிடித்திருந்தது", "பார்த்தேன்", "சரி" எல்லாவற்றுக்கும் அதைத் தட்டிப் பழகிவிட்டோம். அதனால், அவர் அனுப்பிய நாய்க்குட்டிப் படத்தின் மூலையில் சின்னதாக ஒரு ❤️ ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் யாரும் அதில் ரகசியம் தேடுவதில்லை. அதே இதயத்தைத் தனி மெசேஜாக அனுப்பிப் பாருங்கள். வேறு எழுத்து இல்லாமல் போனால் வாட்ஸ்அப் அதைப் பெரிதாக்கிக் காட்டும், போதாக்குறைக்குத் துடிக்கவும் வைக்கும். நீங்கள் "நன்றி" என்று நினைத்து அனுப்பியது, அங்கே திரை நடுவில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.

அவருடைய புரொஃபைல் படத்தைப் பற்றியோ, ஸ்டேட்டஸில் போட்ட செல்ஃபிக்கோ இதயம் அனுப்புவது மூன்றாவது வகை. அங்கே பாராட்டப்படுவது அவர் முகம்தான், வேறு எதுவும் இல்லை. நிறத்தை மாற்றினால் தப்பிக்கலாம் என்று சிலர் மஞ்சள் இதயம், நீல இதயம் போடுகிறார்கள். மஞ்சள் என்றால் நட்பு என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் அந்த அகராதி அவரிடமும் இருக்க வேண்டுமே. சி.எஸ்.கே. ஜெயித்த ராத்திரி தவிர, மஞ்சள் இதயத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட பொருள் என்று ஒன்றும் இல்லை.

வயது வித்தியாசம் இருந்தால் குழப்பம் வேறு திசையில் போகும். இருபது வயதுக்காரர்கள் சிரித்துச் சிரித்து முடியவில்லை என்பதற்கு 😭 போடுகிறார்கள். நான் ஒருமுறை, புதிதாக அறிமுகமான பக்கத்து ஃபிளாட் அம்மா அனுப்பிய ஜோக்குக்கு மூன்று 😭 போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் காலிங்பெல். "என்னம்மா ஆச்சு, ஊர்ல யாருக்காவது...?" என்று வாசலில் நிற்கிறார். 🙂 இதற்கு நேர்மாறு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது வெறும் புன்னகை. இளையவர்களில் பலருக்கு அது உதட்டோடு நின்றுபோன சிரிப்பு, "சரி, விடுங்க" என்கிற மாதிரி.

போனும் தன் பங்குக்கு ஆடும். எமோஜிக்கு ஓர் எண்தான் பொது, படத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. 2016இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 😁 முகத்தை வைத்துக் காட்டினார்கள்: அன்றைய ஐபோனில் அது பல்லைக் கடிப்பது போல இருந்ததால் பலர் எரிச்சல் என்று படித்தார்கள், மற்ற போன்களில் அதே முகம் மகிழ்ச்சி. இன்று படங்கள் பெருமளவு ஒன்றுபோல் ஆகிவிட்டன. ஆனால் ஒரே படத்தைப் பார்த்தவர்களும் அந்த ஆய்வில் ஒத்துப்போகவில்லை, அது இன்னும் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு தவறு மெதுவாகத் தெரியவரும். முதல் நாள் ஒவ்வொரு வரிக்கும் மூன்று எமோஜி போட்டால் அதுவே உங்கள் இயல்பு என்று எதிராளி எடுத்துக்கொள்வார். அப்புறம் ஒரு நாள் வேலை நெருக்கடியில் "ஓகே" என்று மட்டும் அனுப்பினால், கோபம் என்று படிப்பார். முதலிலேயே குறைவாகத் தொடங்கிவிட்டால் இந்த வம்பு இல்லை. அவர் ஒரு மெசேஜுக்கு ஒன்று போட்டால் நீங்களும் ஒன்று, அவர் போடவே இல்லையென்றால் பத்துக்கு ஒன்று.

சரி, தம்பி விஷயம். பதினைந்து நிமிடத்துக்குள் என்றால் மெசேஜைத் திருத்தி அந்த 😉❤️வை எடுத்திருக்கலாம். திருத்தியது என்று ஒரு சின்னக் குறிப்பு நிற்கும், அதனால் ஒன்றும் இல்லை. அந்த நேரம் தாண்டிவிட்டது. அவர் படித்த பிறகு எல்லோருக்கும் அழிப்பது அதைவிட மோசம், அழித்த தடம் அங்கேயே கிடக்கும். "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று நீளமாக விளக்கம் எழுதவும் விடவில்லை. அது அவரை ஏதாவது சமாதானம் சொல்லவைக்கும். இரண்டு நாள் விட்டு, மாலை ஏழு மணிக்கு அவனை இப்படி எழுதச் சொன்னேன்:

"ஞாயிறு ஆறரைக்கு கோர்ட் புக் பண்ணியிருக்கோம். நானும் ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரும் இருக்கோம், நாலாவது ஆள் இருந்தா டபுள்ஸ் ஆடலாம். கடைசி கேம்ல உங்க பேக்ஹேண்டை என்னால எடுக்கவே முடியல 😅 நேரம் இருந்தா வாங்க."

ஒரே எமோஜி, அதுவும் அவன் தோற்றதைப் பற்றிய வரியில். பாராட்டு பேக்ஹேண்டுக்கு. கேள்விக்குப் பக்கத்தில் எந்த முகமும் இல்லை. வராமல் இருக்கவும் வழி இருக்கிறது.

அரை மணி நேரத்தில் பதில்: "ஆறரை கஷ்டம். ஏழுன்னா வரேன். போன வாரம் மாதிரி பிளாஸ்டிக் ஷட்டில் வேண்டாம்."

"எமோஜியே காணோமேக்கா, கோபமா இருக்காங்களோ?" என்றான். ஷட்டில் வாங்கக் கடைக்கு அனுப்பிவைத்தேன்.