ஒரே வெட்டுமுகத்தைப் பார்த்து நீரோட்டத் திசை சொல்லலாமா?

வடசென்னை வண்டலும் கடற்கரை மணலும் பரவிய நிலம் என்பதால், பழைய மணற்பாறையைப் பார்க்க விரும்புவோர் வடமேற்கே சத்தியவேடு பக்கம் போக வேண்டியிருக்கிறது. ஆயினும், அப்பாறையைப் பார்த்து ஓட்டத்தின் திசையைக் கணிப்பதில் நேரும் முதன்மையான தவறை எண்ணூர் முகத்துவாரத்து மணல்திட்டிலேயே கண்டுகொள்ளலாம். நீர் வடிந்ததும் அங்கே வெளிப்படும் அலைவரி ஒன்றை அதற்குக் குறுக்காகக் கரண்டியால் வெட்டினால், கருமணல் இழைகள் வரியின் செங்குத்தான பக்கத்தை நோக்கி, அதாவது நீர் போன திசையில், சாய்ந்திருப்பது தெரியும். அதே வரியை நீளவாக்கில் வெட்டினாலோ அவ்விழைகள் ஏறக்குறையக் கிடையாகவே தோன்றும்.

பாறையில் சாய்வாகப் படிந்த இழைகளின் தொகுதியான குறுக்கடுக்குகளிலும் இதுவே நிகழ்கிறது. பாறை தற்செயலாக உடைந்த முகத்தில் தெரியும் சாய்வு தோற்றச் சாய்வுதான். அது உண்மைச் சாய்வை விடக் குறைவாகவோ, அரிதாகச் சமமாகவோ இருக்கும். வடக்கு தெற்காக நிற்கும் ஒரு முகத்தில் இழைகள் வடக்கே 10° சாய்ந்திருக்கின்றன என்று கொள்வோம். அதை மட்டும் பார்ப்பவர் நீர் வடக்கே ஓடியது என்று எழுதிவிடுவார். மூலையில் திரும்பி, கிழக்கு மேற்கான முகத்தைப் பார்த்தால் அதே இழைகள் கிழக்கே 20° சாய்ந்திருக்கின்றன. 10°, 20° ஆகியவற்றின் டேன்ஜென்ட் மதிப்புகள் முறையே 0.176, 0.364, இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கூறுகளாகக் கொண்டு கணக்கிட்டால், உண்மைச் சாய்வு சுமார் 22°, அதன் திசை வடக்கிலிருந்து கிழக்காக 64° என்று வருகிறது. முதல் முகத்தை நம்பியிருந்தால் பிழை 64° ஆகியிருக்கும்! இழைகள் தட்டையாக இருக்கும்போதுதான் இக்கணக்கு செல்லும். அவை தொட்டிபோல் வளைந்திருந்தால், மேல்தளத்தில் தெரியும் தொட்டியின் நீள அச்சின் திசையையே அளக்க வேண்டும். பாறைப்படிவம் முழுவதும் பிற்காலத்தில் சாய்ந்திருந்தால், அச்சாய்வை முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும்.

அலைவரிகளுக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுப்பது அடுத்த தவறு. முகத்துவாரத்தில் ஏற்றமும் வற்றமும் மாறிமாறி வருவதால், மேற்பரப்பில் நிற்கும் வரி கடைசியாக ஓடிய நீரையே காட்டுகிறது. ஆகவே ஒரு படுகையின் பொதுவான ஓட்டத்துக்குப் பெரிய குறுக்கடுக்குகளையே நான் நம்புவேன். இரு பக்கமும் ஒரே சாய்வுள்ள வரியாக இருந்தால் அது அலை முன்பின்னாக ஆடியதன் தடம். அதிலிருந்து ஓர் அச்சுத்தான் கிடைக்குமே தவிர, ஒரு திசை கிடைக்காது.

அடியில் பருமணலும் மேலே நுண்மணலுமாக அமைந்த அடுக்கைக் கண்டதும், பருமணல் உள்ள பக்கமே ஆற்றின் மேற்பக்கம் என்று சிலர் கொள்கின்றனர். அந்த வேறுபாடு ஓட்டம் காலப்போக்கில் தளர்ந்ததைக் காட்டுகிறது, பாறையின் மேல்கீழை அறியவும் உதவுகிறது; திசையை அது சொல்வதில்லை. திசை வேண்டுமானால், அடுக்கின் அடித்தளத்தில் நாக்கு வடிவப் புடைப்புகள் உள்ளனவா என்று தேட வேண்டும்: அவற்றின் தடித்து உருண்ட முனை ஓட்டம் வந்த பக்கத்தையும், விரிந்து மங்கும் முனை அது போன பக்கத்தையும் காட்டும்.