சாமான் லாரியைக் குறுகிய வீதிக்குள் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு ஊர்களில் வீதிகள் பெரும்பாலும் நேராக ஓடி, செங்கோணத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. பழைய வீடுகளில் முகப்பு ஒரு வீதியிலும் பின்கட்டு வாசல் அடுத்த வீதியிலும் இருப்பது வழக்கம். ஆகவே ஒரே வீட்டுக்கு லாரி வந்துசேர மூன்று நான்கு வழிகளாவது இருக்கும். ஓட்டுநருக்கு முகப்பு முகவரியை மட்டும் சொல்லிவிட்டு, லாரி மூலையில் சிக்கிய பிறகு மற்ற வழிகளை யோசிப்பதே முதல் தவறு. முந்தைய நாளே எல்லா வழிகளையும் நடந்து பார்த்துவிட வேண்டும்.

நடந்து பார்ப்பவர்களும் வீதியின் அகலத்தைத்தான் பார்க்கிறார்கள், அண்ணாந்து பார்ப்பதில்லை. வீதியைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி 5.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ 19 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் தொல்லை தருபவை, வீடுகளுக்குப் பிரியும் சர்வீஸ் வயர்களும் கேபிள் டிவி வயர்களும்தான். உயரத்தை அறிய அலுமினியக் கழியையோ டேப்பையோ தூக்கிப் பிடிக்கவே கூடாது. ஈரமான மூங்கிலும் மின்சாரம் கடத்தும். ஒருவரை வயருக்கு நேர் கீழே நிறுத்தி, முப்பது நாற்பது அடி தள்ளி நின்று, செல்போனைச் சாய்க்காமல் படமெடுத்து அளப்பது பாதுகாப்பானது. நிற்பவரின் உயரம் ஐந்தரை அடி, படத்தில் வயர் அவரைப்போல் 2.3 மடங்கு உயரத்தில் தெரிகிறது என்றால், அது சுமார் 12.6 அடியில் தொங்குகிறது. லாரியின் உயரம், மேலே கட்டிய கட்டில் சட்டத்தையும் சேர்த்து 11 அடி என்றால், இடைவெளி ஒன்றரை அடிதான். காலையில் எடுத்த இந்த அளவு மதிய வெயிலில் கம்பி நீண்டு தொய்யும்போது மேலும் குறையும்; படத்தின் கணக்கிலும் சிறு பிழை இருக்கும். இரண்டு அடிக்குக் குறைந்தால் அந்த வழியை விட்டுவிடுவதே என் முடிவாக இருக்கும்.

கம்பால் வயரைத் தூக்கிப் பிடித்து லாரியை அதன் அடியில் விடுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். இருப்பதிலேயே ஆபத்தானதும் அதுதான். கேபிள் வயர் என்று நினைத்துத் தூக்குவது உறை கிழிந்த சர்வீஸ் வயராக இருக்கலாம். கேபிள்காரரையோ மின்வாரிய லைன்மேனையோ முன்கூட்டியே அழைத்து உயர்த்தச் சொல்ல வேண்டும். ஒருவேளை மின்கம்பி லாரியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் இறங்காமல் உள்ளேயே இருக்க வேண்டும். மின்சாரம் நிறுத்தப்படும் வரை யாரும் வண்டியைத் தொடவோ நெருங்கவோ கூடாது.

அடுத்தது மூலை. முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 11 அடி உள்ள லாரி, வெளிப்புற முன்சக்கரம் 21 அடி ஆரத்தில் சுற்றும்படி திரும்பினால், அதே பக்கத்துப் பின்சக்கரம் ஏறத்தாழ மூன்று அடி உள்வாங்கி வரும். முன்பகுதி தப்பியதும் "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டுபவர்கள் இதை மறப்பதால்தான், மூலைவீட்டின் படியையோ சாக்கடை மூடியையோ பின்சக்கரம் ஏறி உடைக்கிறது. அதே நேரத்தில் பாடியின் வால்பகுதி எதிர்ப்பக்கமாக வீசும். அங்கே மின்கம்பத்தின் ஸ்டே கம்பி இருந்தால் அதில் மாட்டும். பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் விழுந்த கீறலை, பார்த்தால் தெரியாதபடி சரிசெய்யும் கொத்தனார் எளிதில் கிடைக்கமாட்டார்.

நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், வலப்பக்கம் திரும்பும்போது உள்வாங்கும் பின்சக்கரம் அவருடைய கண்ணாடியிலேயே நன்றாகத் தெரியும். இடப்பக்கம் திரும்பும்போது அவ்வளவு தெரியாது. ஒரே வீதிக்கு இரு முனைகளிலிருந்தும் வர முடியும் என்றால், வலப்பக்கத் திருப்பம் அமையும் முனையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். வண்டிக்கு நேர் பின்னாலோ, வண்டிக்கும் சுவருக்கும் இடையிலோ நிற்காமல், ஓட்டுநரின் கண்ணாடியில் தன் முகம் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். முகம் மறைந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே பேசிவைக்க வேண்டும். திண்ணையில் நிற்கும் மாமாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு குரல் கொடுத்தால் ஓட்டுநர் யாருடையதையும் கேட்க மாட்டார்.

எந்த வழியும் ஒத்துவராதபோது பெரிய லாரியை அகன்ற சாலையில் நிறுத்தி, குட்டியானை வண்டியில் சாமானை மாற்றி நடை அடிப்பது கூடுதல் செலவுதான். ஆனாலும் பிடிவாதமாக நுழைத்து மாட்டிக்கொள்வதைவிட அது விரைவாக முடியும்.

சாமானை இறக்கியதும் கவனிப்பு முடிந்துவிட்டதாக எண்ணுவது கடைசித் தவறு. பாரம் இறங்கிய லாரியில், அமுங்கியிருந்த ஸ்பிரிங் பட்டைகள் மீண்டும் வளைந்து எழும்பி, கூரை சில அங்குலம் உயரும். உள்ளே வரும்போது மயிரிழையில் தப்பிய வயர், வெளியேறும்போது கூரை விளிம்பில் மாட்டுவது இதனால்தான். வந்த வழியிலேயே திரும்புவதாக இருந்தாலும், வண்டி கிளம்புமுன் தாழ்ந்த வயர் ஒவ்வொன்றையும் புதிய உயரத்தோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஓட்டுநருக்குக் கை காட்ட வேண்டும்.