கைது, ரிமாண்ட், ஜாமீன்: அறுபதாவது நாளை எண்ணுவது எப்படி?

மாதிரித் தேர்வு ஒன்றில் ஒரே ஒரு நாளைத் தப்பாக எண்ணியதால் என் விடை தலைகீழாகிப் போனது. அந்தக் கேள்வியைப் பெயர், தேதி மாற்றி இங்கே தருகிறேன். மூன்று சிறு விடைகள், மொத்தம் பதினைந்து நிமிடம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். இரண்டையும் ஒருமுறை புரட்டியிருந்தால் போதும்.

கேள்வி: நிலம் வாங்கித் தருவதாக ஏமாற்றிய புகாரில், பி.என்.எஸ். 318(4) பிரிவின் கீழ், குமார் 13.03.2025 இரவு 8 மணிக்குக் கைது செய்யப்படுகிறார். மறுநாள் காலை 11 மணிக்கு நடுவர் அவரை நீதிமன்றக் காவலில் வைக்கிறார். 13.05.2025 காலை 10.30-க்கு, பிணை கொடுக்கத் தயார் என்று சொல்லி அவர் தரப்பு ஜாமீன் மனு தாக்கல் செய்கிறது. அன்று மாலை 4 மணிக்குப் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்கிறது. (அ) கைது செல்லுமா? (ஆ) 24 மணி நேர விதி மீறப்பட்டதா? (இ) ஜாமீன் உண்டா?

முதல் இரண்டு நிமிடம் எதையும் எழுதாதீர்கள். விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதிகளை நேரத்தோடு குறியுங்கள். நாள் எண்ண மொபைல் ஆப் வேண்டாம். தேர்வறையில் அது இருக்காது, கை பழக வேண்டும்.

(அ): 318(4)-க்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு வரையான குற்றத்துக்குக் கைது தானாக வராது. ஏன் அவசியம் என்று பி.என்.எஸ்.எஸ். 35(1)(ஆ) படி அதிகாரி எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் 35(3) நோட்டீஸ்தான். கைதுக்கான காரணத்தை அவரிடம் சொன்னார்களா (பிரிவு 47) என்பதும் சேரும். கேள்வியில் இந்த விவரம் இல்லாததால், ‘இவை நடந்திருந்தால் செல்லும்’ என்று நிபந்தனையோடு முடியுங்கள்.

(ஆ): இரவு 8-லிருந்து காலை 11 வரை பதினைந்து மணி நேரம். பிரிவு 58-ம் அரசியலமைப்பின் 22(2)-ம் தரும் வரம்புக்குள் வருகிறது. பயண நேரக் கழிவைப் பற்றிப் பத்தி எழுத வேண்டாம். இங்கே அது தேவையே இல்லை.

இனி (இ). நான் விழுந்த இடம் இதுதான்.

பி.என்.எஸ்.எஸ். பிரிவு 187(3) படி இந்தக் குற்றத்துக்கு 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், ஜாமீன் உரிமை பிறக்கும். எண்ணிக்கை கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் செய்த நாளிலிருந்து. இதுவரை நானும் சரியாகத்தான் எழுதினேன். ஆனால் ‘முதல் நாளைத் தள்ளிவிட்டு எண்ண வேண்டும்’ என்ற பழைய பழக்கத்தில் மார்ச் 15-ஐ முதல் நாளாக வைத்தேன். மே 13 அறுபதாவது நாள் ஆனது. குற்றப்பத்திரிகை கெடுவுக்குள் வந்துவிட்டது. ஜாமீன் இல்லை என்று எழுதினேன். தவறு. அமலாக்கத்துறை எதிர் கபில் வாதவான் வழக்கில் (2023) உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று முடிவு சொல்லிவிட்டது.

சரி, திரும்ப எண்ணுவோம். மார்ச் 14 முதல் 31 வரை 18. ஏப்ரல் 30 சேர்ந்தால் 48. மே 12 வந்தால் 60. ஆக மே 13 அறுபத்தோராவது நாள். அன்று காலையிலேயே உரிமை பிறந்துவிட்டது. மனு காலையில் வந்தது, குற்றப்பத்திரிகை மாலையில்தான் வந்தது. எம். ரவீந்திரன் வழக்கு (2020) இந்த நிலைமைக்கு நேரான விடை: மனு போட்டு, பிணை கொடுக்கத் தயார் என்று சொன்னதும் உரிமை பயன்படுத்தப்பட்டதாகிவிடும், பிறகு வரும் குற்றப்பத்திரிகை அதைப் பறிக்காது. மனு மாலை 5 மணிக்கு வந்திருந்தால் கதை வேறு, உரிமை போயிருக்கும். அதனால்தான் கோட்டில் நேரத்தையும் குறிக்கச் சொன்னேன்.

விடையின் கடைசி வரியில் ஒன்று மறக்காதீர்கள்: ஜாமீன் கிடைத்தும் நீதிமன்றம் சொன்ன நேரத்துக்குள் பிணை கொடுக்கவில்லை என்றால், காவல் தொடரும்.

பிற்சேர்க்கை: ‘90 நாள் எப்போது?’ என்று இரண்டு பேர் கேட்டார்கள். பிரிவுகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், தண்டனையைப் பாருங்கள். இதே வழக்கில் போலி கிரயப் பத்திரம் தயாரித்ததாக பி.என்.எஸ். 338 பிரிவும் சேர்ந்திருந்தால், அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. அப்போது 90 நாள். மே 13 மனு வெறும் அவசரம். நானே இதை முதல் முறை கவனிக்காமல், கடைசி நிமிடத்தில் விடையை அடித்துத் திருத்தினேன்.