ரெஃபரன்ஸுக்கு உங்கள் பெயரைப் போடலாமா: டீச்சருக்கு மெயில் எழுதும் முறை

வேலை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ரெஃபரன்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மைப் பற்றி விசாரித்துக்கொள்ள இரண்டு பேருடைய பெயர், பதவி, மெயில், போன் எண் கேட்பார்கள். நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் டீச்சர் பெயரை அதில் எழுதிவிட்டு, பிறகு எங்காவது பார்க்கும்போது சொல்லிக்கொள்கிறார்கள். சில இணைய விண்ணப்பங்களில் நாம் அனுப்பிய கையோடு அவருக்குத் தானாகவே ஒரு மெயில் போய்விடும். யாருக்காக, எந்த வேலைக்காக என்று தெரியாமல் அவர் திகைப்பார். அதனால் முதலில் அனுமதி, பிறகுதான் படிவம்.

ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம். வேதியியல் முடித்த ஒரு பெண், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பால் நிறுவனத்தின் ஆய்வகத்தில் தர உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்பது? துறைத் தலைவரின் பெயர் எடுப்பாக இருக்கும், ஆனால் அவருக்கு இவள் முகமே நினைவிருக்காது. ப்ராஜெக்டை வழிநடத்திய டீச்சரிடம் கேட்பதுதான் சரி. சொந்தக்காரர் வேண்டாம். பெரும்பாலான படிவங்கள் அவர்களை ஏற்பதில்லை.

கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே மெயில் போகட்டும். ஓணம் விடுமுறை நடுவில் வந்தால் இன்னும் முன்னால். தலைப்பில் ‘வணக்கம்’ என்று மட்டும் போட்டால் திறக்கப்படாமலே கிடக்கும். விஷயமும் தேதியும் அதில் தெரிய வேண்டும்.

> தலைப்பு: ரெஃபரன்ஸுக்கு உங்கள் அனுமதி வேண்டி – பால் ஆய்வக வேலை, கடைசித் தேதி 20
>
> மதிப்பிற்குரிய டீச்சர், வணக்கம்.
>
> நான் 2023-இல் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த மாணவி. பால் கலப்படம் பற்றிய ப்ராஜெக்டை உங்களிடம் செய்தேன். பொள்ளாச்சியில் ஒரு பால் நிறுவனத்தின் தர உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ரெஃபரன்ஸாக உங்கள் பெயரைக் கொடுக்கலாமா, டீச்சர்?
>
> வேலை இதுதான்: காலையில் வரும் பாலில் கொழுப்பும், கொழுப்பல்லாத திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பும் பார்ப்பது, கலப்படச் சோதனை செய்வது, பதிவேடு எழுதுவது. கவனமாகச் சோதிக்கிறவரா, பதிவேட்டில் நேர்மையானவரா என்பதைத்தான் விளம்பரத்தில் அழுத்திக் கேட்டிருக்கிறார்கள்.
>
> ப்ராஜெக்டில் நான் ஜெர்பர் முறையில் கொழுப்பு பார்த்ததும், லாக்டோமீட்டர் அளவை வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தி எழுதியதும் உங்களுக்கு நினைவிருந்தால், அதைப் பற்றிச் சொன்னால் போதும்.
>
> கடிதம் எதுவும் எழுத வேண்டியதில்லை. நேர்முகத்துக்குப் பிறகு அவர்கள் போனிலோ மெயிலிலோ கேட்கலாம். எந்த எண்ணும் மெயிலும் கொடுக்கட்டும்? 14-ஆம் தேதிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும். இப்போது வசதிப்படாது என்றாலும் ஒரு வரி எழுதுங்கள், நான் வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> விளம்பரத்தையும் என் பயோடேட்டாவையும் இணைத்திருக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், படித்த ஆண்டு, போன் எண்)

இதில் உயிர் இரண்டாவது, மூன்றாவது பத்திகளில்தான் இருக்கிறது. ‘ஒரு நல்ல வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்’ என்று எழுதினால், போன் வரும்போது டீச்சர் ‘நல்ல பொண்ணு, ஒழுங்கா வருவா’ என்பதோடு நிறுத்திவிடுவார். என்ன வேலை, அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், அதற்குப் பொருத்தமாக அவர் கண்ணால் கண்ட எந்த வேலையை நாம் செய்தோம் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் பேச விஷயம் கிடைக்கும். அவர் பார்க்காததை நினைவூட்டாதீர்கள். ‘என்னைத் திறமைசாலி என்று சொல்லுங்கள்’ என்றும் எழுத வேண்டாம், என்ன சொல்வது என்பது அவர் பாடு. விளம்பரத்தின் சுட்டியை மட்டும் அனுப்பினால் ஆள் எடுத்து முடிந்ததும் அது திறக்காமல் போகலாம். பிடிஎஃப்பாக இணைப்பதே நல்லது.

நம் ஊர்க் கல்லூரிகளில் இன்னொரு சங்கதி உண்டு. தமிழில் சரளமாகப் பேசும் மலையாளி டீச்சர்கள் சிலருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர்களுக்கு இதே வரிசையில் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் நாலைந்து நாள் கழித்து, அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி நினைவூட்டல் போதும். அப்புறமும் வராவிட்டால் பெயரைப் போடாதீர்கள், மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. ‘பார்க்கலாம்’, ‘வேற ஆளே இல்லையா?’ என்று இழுத்துப் பதில் வந்தாலும் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். மனமில்லாமல் கொடுக்கும் ரெஃபரன்ஸ் போனில் குரலிலேயே தெரிந்துவிடும்.

சரி என்று சொன்னால், அவர் கொடுத்த எண்ணையும் மெயிலையும் எழுத்து மாறாமல் படிவத்தில் ஏற்றுங்கள். கல்லூரி மெயில் இருந்தால் அதையே கொடுங்கள், சில நிறுவனங்கள் சொந்த மெயிலை நம்புவதில்லை. நேர்முகத்துக்கு அழைப்பு வந்த அன்றே டீச்சருக்கு ஒரு செய்தி: ‘இந்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து புது எண்ணில் அழைப்பு வரலாம், டீச்சர்.’ தெரியாத எண் என்றால் பலர் எடுப்பதே இல்லை.