வருடக் கட்டணமா, மாதக் கட்டணமா: வந்த முதல் ஆண்டில் போட வேண்டிய கணக்கு

புது நாட்டில் வந்து இறங்கிய முதல் இரண்டு வாரம் ஓட்டம்தான். வங்கிக் கணக்கு, வரி எண், போன் இணைப்பு, முகவரிச் சான்று. இதற்கெல்லாம் படிவம் உண்டு, முன்னால் வந்தவர்கள் சொல்லித் தருவார்கள், எப்படியும் முடிந்துவிடும். நான் எழுத வந்தது மூன்றாவது வாரத்தைப் பற்றி. அப்போதுதான் இணையம், உடற்பயிற்சிக் கூடம், பயண அட்டை, மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சந்தா சேரும். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி வரும்: மாதா மாதம் கட்டுகிறீர்களா, வருடத்துக்கு மொத்தமாகக் கட்டுகிறீர்களா?

மொத்தமாகக் கட்டினால் குறையும் என்றால் நம் கை தானாகப் பைக்குள் போகும். நானும் அப்படித்தான் கட்டினேன். உடற்பயிற்சிக் கூடத்தில் மாதம் 50, வருடத்துக்கு 500. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் எண்ணை மட்டும் சொல்கிறேன். “2 மாதம் இலவசம்” என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். 500 போட்டு 100 மிச்சம், அதாவது 20 சதவீதம், எந்த வங்கி தரும் என்று நினைத்துக் கட்டினேன். ஐந்தாவது மாத முடிவில் வேலை வேறு ஊருக்கு மாறியது. அங்கே அந்தக் கூடத்துக்குக் கிளை இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்த வரியைக் காட்டினார்கள்: எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. மாதா மாதம் கட்டியிருந்தால் 250-உடன் முடிந்திருக்கும். நான் 500 கட்டியிருந்தேன். கையில் பணம் இறுக்கமாக இருந்த நேரத்தில் 250 போனது இன்னும் எரிகிறது.

அன்று இரவு, கூடத் தங்கியிருந்த அண்ணனிடம் புலம்பினேன். கணக்குத் துறையில் வேலை பார்ப்பவர். அவர் ஆறுதல் சொல்லவில்லை, ஒரு தாளை எடுத்தார்.

“நீ கூடுதலாப் போட்டது 500 இல்லப்பா, 450. முதல் மாசத்து 50 எப்படியும் கட்டியிருப்பே, இல்லையா?”

அங்கிருந்துதான் எனக்குக் கணக்கே புரிந்தது. மாதத் திட்டத்தில் சேர்ந்தாலும் முதல் நாளே 50 கட்ட வேண்டும். ஆகவே வருடத் திட்டத்துக்காக இன்று அதிகப்படியாகக் கொடுப்பது 450 மட்டும். அடுத்த 11 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் கட்ட வேண்டிய 50-ஐக் கட்டாமல் விடுகிறோம். கட்டாமல் விடும் ஒவ்வொரு 50-ம் நம்மிடம் திரும்பி வரும் 50. வேறு மாதிரி சொன்னால், கூடத்துக்கு நாம் 450 கடன் கொடுத்திருக்கிறோம். அவர்கள் மாதம் 50 வீதம் 11 தவணையில் 550 ஆகத் திருப்புகிறார்கள். கூடுதலாக வரும் 100 வட்டி.

அந்த வட்டி எத்தனை சதவீதம் என்பதை மனக்கணக்காகவே கிட்டத்தட்டப் பிடிக்கலாம். முதல் தவணை ஒரு மாதத்தில் வருகிறது, கடைசித் தவணை 11 மாதத்தில் வருகிறது. சராசரியாக நம் பணம் அவர்களிடம் 6 மாதம்தான் இருக்கிறது. 450-க்கு 100 என்றால் 22 சதவீதம். அது அரை வருடத்துக்கு. முழு வருடத்துக்கு இரட்டிப்பாக்கினால் 44. துல்லியமாக வேண்டுமென்றால் எந்த விரிதாளிலும் இதைப் போடுங்கள்:

```
=RATE(12,-50,500,0,1)
```

12 என்பது முதல் நாள் கட்டுவதையும் சேர்த்த தவணைகள், 50 மாதக் கட்டணம், 500 வருடக் கட்டணம். கடைசியில் இருக்கும் 1 முக்கியம். கட்டணம் மாதத் தொடக்கத்திலேயே போகிறது என்று அது சொல்கிறது. அதை விட்டுவிட்டால் விடை தவறாக வரும். இங்கே விடை மாதத்துக்கு சுமார் 3.5 சதவீதம். 12-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 42, வட்டிக்கு வட்டி சேர்த்தால் 51.

நான் நினைத்த 20 எங்கே, 42 எங்கே! அப்படியானால் நான் கட்டியது சரிதானே என்று அண்ணனிடம் கேட்டேன். இரண்டு விஷயம் சொன்னார்.

முதலாவது, 42 சதவீதம் என்றதும் 450-க்கு 189 கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பணம் மாதா மாதம் திரும்பி வந்துகொண்டே இருப்பதால், கடைசி மாதங்களில் அவர்களிடம் இருப்பது கொஞ்சம்தான். வருடம் முழுக்க ஓடினாலும் லாபம் 100, அதற்கு மேல் இல்லை. சதவீதத்துக்கு ஒரு பயன் உண்டு: அந்த 450-ஐ வேறு எங்கே வைத்தால் என்ன கிடைக்கும், அல்லது கடன் வாங்கிக் கட்டினால் என்ன வட்டி என்பதோடு ஒப்பிடலாம். கடன் அட்டையில் மாதம் 2 சதவீத வட்டி என்றால், கடன் வாங்கி வருடக் கட்டணம் கட்டினால்கூடக் கணக்கில் லாபம்தான். மாதம் 4 என்றால் நட்டம்.

இரண்டாவது விஷயம்தான் என்னை அடித்தது. சாதாரணக் கடனில் வாங்கியவர் ஓடிவிடுவாரோ என்று பயப்படுவோம். இங்கே கூடம் எங்கும் போகவில்லை. கடன் கொடுத்த நான்தான் ஊரை விட்டுப் போனேன். போன அன்றே மிச்சத் தவணைகள் நின்றுவிட்டன. 42 சதவீதம் என்பது 12 மாதமும் அந்தச் சேவையை நான் பயன்படுத்தினால் மட்டும் கிடைப்பது. 10 மாதத்தோடு நிறுத்தினால் வட்டி பூஜ்யம், ஏனென்றால் மாதத் திட்டத்திலும் அதே 500 ஆகியிருக்கும். அதற்கு முன்னால் நிறுத்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 50 நட்டம்.

அப்புறம் அவர் காட்டியதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அந்த 3.5 சதவீதத்தையே இன்னொரு விதமாகவும் படிக்கலாம். ஒவ்வொரு மாதமும் நீங்கள் விட்டுப்போக வாய்ப்பு எவ்வளவு? அது மாதத்துக்கு ஏறக்குறைய 3.4 சதவீதத்தைத் தாண்டினால், பணத்துக்கு வேறு வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, வருடத் திட்டம் சராசரியில் நட்டம். மாதத்துக்கு 3.4 என்றால் சின்னதாகத் தெரியும். 11 மாதம் அடுக்கிப் பாருங்கள்: உங்களைப் போல 100 பேர் சேர்ந்தால், 12-வது மாதம் தொடங்குமுன் 31 பேருக்கு மேல் விலகுவார்கள் என்று தோன்றினால் மாதத் திட்டமே நல்லது. ஒரு மாதம் மட்டும் இலவசம், அதாவது 550 என்றால், மறைந்திருக்கும் வட்டி மாதத்துக்கு 1.6 சதவீதமாக இறங்குகிறது. அப்போது 100-க்கு 16 பேர் விலகினாலே போதும், லாபம் காலி.

இப்போது உங்கள் நிலைமையை எண்ணிப் பாருங்கள். வந்த முதல் ஆண்டில் வீடு மாறும், வேலை மாறும், ஊரே மாறும், அவசரமாக ஊருக்குத் திரும்பவும் நேரலாம். என்னோடு சேர்ந்து வந்த ஆறு பேரில் நான்கு பேர் முதல் ஆண்டுக்குள் முகவரி மாற்றினோம். சலுகையின் விலை அங்கேயே வேரூன்றியவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல. அவர்களுக்கு 42 சதவீதம் தருவது நம் கையில் நட்டமாக முடியலாம்.

ஆனால் இதெல்லாம் பணம் திரும்பாது என்ற விதி இருந்தால்தான். அதனால் விலைப்பட்டியலுக்கு முன்னால் ரத்து விதியைப் படியுங்கள். அதில் மூன்று வகை பார்த்திருக்கிறேன். திருப்பவே மாட்டோம் என்பது என் கதை. பயன்படுத்திய மாதங்களை மாதக் கட்டண விலையில் கழித்து மிச்சத்தைத் தருவது இன்னொன்று. அப்படி இருந்திருந்தால் 500-ல் 250 கழித்து 250 எனக்குத் திரும்பியிருக்கும், நட்டமே இல்லை. மூன்றாவது, மீதமுள்ள மாதங்களுக்கு வருடக் கட்டணத்தையே பங்கு பிரித்துத் தருவது. 7 மாதத்துக்குச் சுமார் 292 கையில் வரும். மாதா மாதம் கட்டியவரைவிட நாம் மேலாகவே இருப்போம். இந்த மூன்றாம் வகை எழுத்தில் இருந்தால் தயங்காமல் வருடத்துக்குக் கட்டிவிடலாம். “கேட்டால் கொடுப்போம்” என்று மேசையில் இருப்பவர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. “வருடத் திட்டம், மாதா மாதம் செலுத்தலாம்” என்று சில இடங்களில் இருக்கும். பார்த்தால் மாதத் திட்டம் மாதிரியே தெரியும். இதில் முன்பணம் இல்லாததால் மேலே போட்ட வட்டிக் கணக்கே இதற்குப் பொருந்தாது. இங்கே பார்க்க வேண்டியது, பாதியில் விலகினால் எவ்வளவு அபராதம் என்பதை மட்டும்.

சரி, முன்பணத் திட்டத்தில் பணம் திரும்பாது, ஆனால் சேவை வேண்டும் என்றால் என்ன செய்வது? முதல் மூன்று மாதம் மாதக் கட்டணம் கட்டுங்கள். அதனால் இழப்பது மிகக் கொஞ்சம். வருட விலையை 12-ஆல் வகுத்தால் மாதம் 41.67 வருகிறது, நீங்கள் கட்டுவது 50. மூன்று மாதத்துக்கு வித்தியாசம் 25. அந்த 25-ஐ நான் இழந்த 250-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் வேலை நிலைக்குமா, வீடு நிலைக்குமா, அந்தக் கூடத்துக்கு உண்மையிலேயே போகிறோமா என்பதும் தெரிந்துவிடும். சேரும் அன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிறகு மாறினாலும் இதே வருட விலை கிடைக்குமா, அல்லது புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டுமா?

வருடத்துக்கு மாறிய பிறகு, தானாகப் புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள். முதல் ஆண்டு 500 என்றது இரண்டாம் ஆண்டில் 600 ஆகியிருந்தால் மாதக் கட்டணத்தோடு வித்தியாசமே இல்லை, பணம் மட்டும் மொத்தமாக முன்னதாகவே போய்விடும்.

புது ஊரிலும் ஒரு கூடத்தில் சேர்ந்தேன். நான்கு மாதம் மாதா மாதம் கட்டினேன். வேலையில் தகுதிகாண் காலம் முடிந்து கடிதம் கைக்கு வந்த வாரம்தான் வருடத்துக்கு மாற்றினேன். மாற்றுமுன் ரத்து விதியை மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். புதுப்பிக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் போனில் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.